கிரிக்கெட் பிட்ச் அளவும், வெற்றுத் தரையில் கோடு போடும் முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்ச்சோட சரியான நீளம், அகலம் எவ்வளவு?

நீளம் 22 கெஜம், அதாவது 66 அடி. மீட்டரில் 20.12. அகலம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். டெஸ்ட் ஆட்டமோ கிளப் ஆட்டமோ, பெரியவர்கள் ஆடும் புல்தரை பிட்ச்சுக்கு இதுதான் அளவு. கிரிக்கெட் விதிகளை வைத்திருக்கும் எம்.சி.சி.யின் 6-ஆம் விதியில் இது இருக்கிறது. கிரீஸ் கோடுகளுக்கு 7-ஆம் விதி.

நம் கணக்கில் சொன்னால் 660 சதுர அடி, ஒன்றரை சென்ட்டுக்கு ஒரு துளி அதிகம். இடம் என்னவோ சின்னதுதான். அந்த ஒன்றரை சென்ட்டுக்குள் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக விழ வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

22 கெஜத்தை எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கணும்? பேட்ஸ்மேன் நிற்கிற கோட்டிலிருந்தா?

இல்லை. ஸ்டம்பிலிருந்து ஸ்டம்ப் வரை. ஒரு பக்கத்து நடு ஸ்டம்பின் மையத்திலிருந்து எதிர்ப்பக்கத்து நடு ஸ்டம்பின் மையம் வரை 66 அடி. ஸ்டம்ப் ஊன்றியிருக்கும் கோட்டுக்குப் பெயர் பவுலிங் கிரீஸ். பிட்ச் முடிவது அந்தக் கோட்டில்தான்.

பேட்ஸ்மேன் கார்டு எடுத்து நிற்பது பாப்பிங் கிரீஸில். அது ஸ்டம்பிலிருந்து 4 அடி உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு பக்கமும் 4 அடி கழித்தால், பாப்பிங் கிரீஸிலிருந்து பாப்பிங் கிரீஸுக்கு 58 அடிதான் வரும். ஓடி ஒரு ரன் எடுக்கும் தூரம் அது.

மைதானங்களில் அதிகம் பார்க்கும் கோளாறு இங்கேதான் பிறக்கிறது. முதலில் பாப்பிங் கிரீஸ் இரண்டையும் 66 அடி தள்ளிப் போட்டுவிட்டு, அப்புறம் அதற்குப் பின்னால் 4 அடி விட்டு ஸ்டம்ப் ஊன்றுவார்கள். பிட்ச் 74 அடியாகிவிடும். "இந்த கிரவுண்டில் பந்து ஏறவே மாட்டேங்குது" என்று வேகப்பந்து வீச்சாளர் புலம்பினால், மண்ணைக் குறை சொல்வதற்கு முன் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள்.

எங்க ஏரியா பசங்க 22 மீட்டர்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. ஒரு கெஜம் என்பது 3 அடி, மீட்டரை விடச் சின்னது. 22 மீட்டர் போட்டால் 72 அடிக்கு மேல் வரும். வித்தியாசம் 1.88 மீட்டர், அதாவது ஒரு ஆள் உயரத்துக்கு மேல். கடையில் கிடைக்கும் டேப்பில் மீட்டர்தான் கண்ணில் படும், காதில் விழுந்தது '22'. இரண்டும் சேர்ந்து இந்தக் குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. மீட்டர் டேப் பிடிக்கிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 20.12.

நீளம் தப்பினால் முதல் அடி பந்துவீச்சாளருக்கு. பிட்ச் 2 மீட்டர் குட்டையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பையன் மாதக்கணக்கில் வீசிப் பழகுகிறான். அவன் கை அந்தக் குட்டை தூரத்துக்கு லென்த்தைப் பிடித்துவிடும். சரியான அளவுள்ள பிட்ச்சில் ஆட்டத்துக்குப் போனதும் அதே பந்து 2 மீட்டர் முன்னாடியே குத்தி ஷார்ட் பாலாக எழும்பும், பேட்ஸ்மேன் புல் அடிப்பார். பிட்ச் நீண்டுவிட்டால் இது அப்படியே தலைகீழ். ஆட்டத்தில் எல்லாம் ஃபுல் லென்த்தாகவும் ஃபுல் டாஸாகவும் போய் விழும்.

அதென்ன 22? ஏன் 20 இல்லை, 25 இல்லை?

22 கெஜம் என்பது இங்கிலாந்தில் நிலம் அளந்த ஒரு சங்கிலியின் நீளம். எட்மண்ட் குண்டர் என்பவர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 100 கண்ணிகள் கொண்ட 66 அடிச் சங்கிலியை நில அளவைக்குக் கொண்டுவந்தார். 1744-இல் எழுதப்பட்ட கிரிக்கெட் விதிகளிலேயே ஸ்டம்புகளுக்கு நடுவில் 22 கெஜம் என்று இருக்கிறது. அன்றிலிருந்து அந்த நீளம் மாறவில்லை.

இதே சங்கிலி நம் ஊர் நிலக் கணக்கிலும் உட்கார்ந்திருக்கிறது. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். பிட்ச்சின் நீளத்துக்கு 6.6 அடி அகலத்தில் ஒரு பட்டை எடுத்தால் துல்லியமாக ஒரு சென்ட் வரும். பழைய சர்வேயர் யாராவது ஊரில் இருந்தால் 'ஒரு செயின்' என்று மட்டும் சொல்லுங்கள், அவரே அளந்து கொடுப்பார்.

பயிற்சிக்கு 10 அடி அகலமும் தயார் பண்ணியே ஆகணுமா?

முழு நீளத்துக்கும் தேவையில்லை. பந்து குத்தும் பகுதி பெரும்பாலும் நடுவில்தான். மேட்டிங், சிமென்ட் போன்ற செயற்கைப் பிட்ச்சுக்கு விதியே குறைந்தபட்ச அகலமாக 6 அடியைத்தான் கேட்கிறது. ஆட்கள் குறைவு, தண்ணீர் குறைவு என்றால் நடுவில் 6 அடியை மட்டும் நன்றாக இறுக்கி எடுங்கள்.

ஆனால் இரண்டு முனைகளிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பந்துவீச்சாளர் கால் வைக்கும் இடம் அது. ரிட்டர்ன் கிரீஸ் என்பது நடு ஸ்டம்பிலிருந்து இரு பக்கமும் 4 அடி 4 அங்குலத்தில் வரும் கோடு. கிரீஸின் ஓரத்தைப் பயன்படுத்தி வீசுகிறவர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் குதிப்பார். அங்கே மண் பொலபொலவென்று இருந்தால் கணுக்கால் மடங்கும். ஆகவே ஸ்டம்புக்குப் பின்னால் 4 அடி, பாப்பிங் கிரீஸுக்கு முன்னால் 4 அல்லது 5 அடி, இந்த நீளத்துக்கு மட்டும் 10 அடி அகலமும் கெட்டியாக இருக்கட்டும்.

எந்தத் திசை பார்த்துப் போடணும்?

வடக்கு தெற்காக. இது விதியில் கிடையாது, சூரியனுக்காகச் செய்வது. நம் பயிற்சி பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். கிழக்கு மேற்காகப் போட்டால், மேற்கே பார்த்து நிற்கும் பேட்ஸ்மேனுக்கு வீச்சாளரின் கைக்குப் பின்னால் நேராக வெயில் இருக்கும். பந்து கையை விட்டுப் போவதே தெரியாது.

போனில் உள்ள திசைகாட்டியே இதற்குப் போதும். ஐந்து, பத்து டிகிரி தப்பினால் ஒன்றும் ஆகாது. போன் சரியாகக் காட்டவில்லை என்று தோன்றினால், ஒரு ஸ்டம்பை நேராக ஊன்றி, காலை ஒன்பது மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். பிற்பகலில் நிழல் அதே நீளத்துக்கு வரும்போது அதன் நுனியில் இன்னொரு கல். இரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே பிட்ச். உச்சி வெயிலில் நிழலை வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் சித்திரை மாதத்தில் உச்சி வேளைக்கு நிழலே விழாது, அதனால் அது உதவாது.

மைதானம் வசதியாக இல்லாமல் கிழக்கு மேற்காகத்தான் போட முடியும் என்றால், காலைப் பயிற்சிக்கு மேற்கு பார்த்தும், சாயங்காலம் கிழக்கு பார்த்தும் பேட்டிங் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையிலிருந்து வீசுகிறவருக்கு வெயில் கண்ணில் படும்தான். ஆனால் பந்து வந்து தாக்கக்கூடியது பேட்ஸ்மேனைத்தான், அவர் கண்தான் முக்கியம்.

கோடு போட என்னென்ன வேணும்?

30 மீட்டர் டேப் ஒன்று, கொத்தனார் நூல் ஒரு உருண்டை, பத்துப் பன்னிரண்டு முளைக்குச்சி அல்லது நீள ஆணி, சுத்தியல், கோலமாவு. ஆள் இரண்டு பேர் போதும், மூன்று பேர் இருந்தால் வேகமாக முடியும். டேப் வாங்க வேண்டியதில்லை. ஊரில் வீடு கட்டும் மேஸ்திரி யாரிடமாவது ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கிடைக்கும்.

டேப்பைக் கையில் வாங்கியதும் பூஜ்யம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சில டேப்பில் முனையில் உள்ள கொக்கியின் வெளி விளிம்பு பூஜ்யம். சிலவற்றில் கொக்கி தாண்டி, ஒரு விரல் நீளம் வெறுமையாக விட்டு, அப்புறம்தான் எண் ஆரம்பிக்கும். கிழிந்துபோய் முனை வெட்டப்பட்ட டேப்பும் சுற்றுகிறது. அப்படியானால் 1 மீட்டர் கோட்டிலிருந்து ஆரம்பித்து 21.12-இல் முடியுங்கள்.

நூலை வைத்து நீளம் அளக்க வேண்டாம். நைலான் நூல் இழுத்தால் நீளும், 20 மீட்டரில் ஒரு சாண் தூரம் கூட மாறிவிடும். நேர்கோடு பிடிக்க மட்டும் நூல், நீளத்துக்கு டேப். டேப் நடுவில் கொஞ்சம் தொய்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. 66 அடியில் அரை அடி தொய்ந்தாலும் அளவில் வரும் பிழை கால் அங்குலத்துக்கும் குறைவுதான்.

சரி, ஒன்றுமே இல்லாத தரையில் முதல் கோடு எங்கே போடுவது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

முதலில் போட வேண்டியது கிரீஸ் அல்ல. ஸ்டம்புக்கு ஸ்டம்ப் போகும் நடுக்கோடு. மற்ற எல்லாக் கோடுகளும் அதிலிருந்து பிறக்கின்றன. ஓரக் கோட்டிலிருந்து ஆரம்பித்தால் நடு ஸ்டம்ப் எங்கேயோ போய் உட்காரும்.

கோடையில் வற்றிய கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, தெற்கு முனையில் நடு ஸ்டம்ப் வர வேண்டிய இடத்தில் ஒரு முளை அடியுங்கள். அதைத் தெற்கு முளை என்போம். அதற்குப் பின்னால் வீச்சாளர் ஓடிவர குறைந்தது 15 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே நூலை நீட்டி, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நூல் 66 அடியோடு நிற்காமல் இரு பக்கமும் ஐந்தாறு அடி கூடுதலாகப் போகட்டும். நூலை ஒட்டியே டேப்பைப் பிடித்து 20.12 மீட்டரில் வடக்கு முளை. இப்போது இரண்டு நடு ஸ்டம்புகளின் இடம் கிடைத்துவிட்டது.

அடுத்தது பவுலிங் கிரீஸ், நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக வர வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் நிச்சயம் சாயும். வீட்டு மூலை மட்டம் பார்க்க மேஸ்திரிகள் 3-4-5 பிடிப்பார்களே, அதையே இரட்டிப்பாக்கி 6-8-10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணம் பெரிதானால் பிழை குறையும். தெற்கு முளையிலிருந்து நடு நூலில் 8 அடி வடக்கே ஒரு குச்சி. இப்போது ஒருவர் தெற்கு முளையில் டேப்பின் பூஜ்யத்தைப் பிடித்து, கிழக்குப் பக்கம் 6 அடியில் தரையில் ஒரு வில் கீற வேண்டும். அப்புறம் 8 அடிக் குச்சியில் பூஜ்யத்தைப் பிடித்து 10 அடியில் இன்னொரு வில். இரண்டு வில்லும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் குச்சி அடியுங்கள். அந்தக் குச்சியையும் தெற்கு முளையையும் இணைத்து, மேற்குப் பக்கமும் நீட்டி நூல் கட்டினால் பவுலிங் கிரீஸின் திசை கிடைத்துவிடும்.

அந்த நூலில் நடு ஸ்டம்பிலிருந்து கிழக்கே 1.32 மீட்டர், மேற்கே 1.32 மீட்டர். இதுதான் 4 அடி 4 அங்குலம். இரண்டு இடத்திலும் ஆணி. மொத்தம் 2.64 மீட்டர், பவுலிங் கிரீஸ் அவ்வளவுதான். வடக்கு முனையிலும் இதையே செய்யுங்கள்.

கோலமாவைத் தொடுவதற்கு முன் சரிபார்ப்பு. நான்கு ஆணிகள் சேர்ந்து ஒரு நீள்சதுரம். கிழக்கு ஆணிகள் இரண்டுக்கும் நடுவில் 20.12 வர வேண்டும், மேற்கிலும் அதே. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் 20.29 மீட்டர் வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

எல்லாம் ஒத்து வந்தால் மிச்சம் சுலபம். ஒவ்வொரு ஆணியிலிருந்தும் எதிர்முனையை நோக்கி 1.22 மீட்டர் அளந்து நூல் கட்டுங்கள், அது பாப்பிங் கிரீஸ். இந்தக் கோடு பிட்ச்சை விட அகலமானது. நடுவிலிருந்து இரு பக்கமும் குறைந்தது 6 அடி போட வேண்டும். ரிட்டர்ன் கிரீஸ் பாப்பிங் கிரீஸில் ஆரம்பித்து, ஆணி வழியாகப் பின்னால் போய், மொத்தம் 8 அடி நீளத்தில் முடியும். அதாவது ஸ்டம்பைத் தாண்டி இன்னும் 4 அடி.

குறுக்களவு ரெண்டும் ஒத்து வரலை. எல்லாத்தையும் பிடுங்கிட்டு மறுபடி ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். அளவு எப்படித் தப்பியிருக்கிறது என்பதிலேயே எதைத் திருத்துவது என்பது இருக்கிறது.

முதலில் பக்கவாட்டு நீளங்களைப் பாருங்கள். கிழக்குப் பக்கம் 20.12 வராமல் 20.17 வருகிறது, மேற்கில் 20.07 வருகிறது என்றால், ஒரு முனையின் கிரீஸ் மட்டும் சாய்ந்திருக்கிறது. எந்த முனை என்று தெரிய, இரண்டு முனையிலும் 6-8-10 முக்கோணத்தை மறுபடி பிடித்துப் பாருங்கள், ஒன்றில் இடிக்கும்.

பக்கங்கள் இரண்டும் 20.12 சரியாக வந்து, குறுக்களவு மட்டும் மாறினால், இரண்டு கிரீஸும் ஒரே பக்கம் ஒரே அளவுக்குச் சாய்ந்திருக்கின்றன. உதாரணமாக ஒரு குறுக்கு 20.34, இன்னொன்று 20.24. வித்தியாசம் 10 சென்டிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு, இரண்டரை சென்டிமீட்டர், ஒவ்வொரு ஆணியும் நகர வேண்டும். நீளமான குறுக்கின் இரு முனை ஆணிகளை உள்ளே தள்ளுங்கள், குட்டையான குறுக்கின் ஆணிகளை வெளியே இழுங்கள். நடு ஸ்டம்ப் முளைகளைத் தொடவே கூடாது, கிரீஸ் அதை மையமாக வைத்துத்தான் திரும்புகிறது.

இந்த அளவு சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பேட்ஸ்மேன் காலை நிறுத்துகிறார், தோளைத் திருப்புகிறார். நிறையச் சாய்ந்த கிரீஸில் பழகினால் நேராக அடிப்பதாக நினைத்து, சாய்வைப் பொறுத்து மிட்-ஆன் பக்கமோ மிட்-ஆஃப் பக்கமோ அடித்துக்கொண்டிருப்பார்.

கோடு ரெண்டு அங்குலம் தடிமனா இருக்கு. அளவு எந்த விளிம்புக்கு?

கோடு போடத் தெரிந்த பலரும் இதைக் கவனிப்பதில்லை. பாப்பிங் கிரீஸுக்கும் பவுலிங் கிரீஸுக்கும் அளவு பின் விளிம்பு, அதாவது ஸ்டம்பு இருக்கும் திசையில் உள்ள விளிம்பு. ரிட்டர்ன் கிரீஸுக்கு உள் விளிம்பு.

ஆகவே நூல் கட்டிய பிறகு மாவு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது நிச்சயம். பாப்பிங் கிரீஸிலும் பவுலிங் கிரீஸிலும் நூலுக்குப் பிட்ச்சின் நடுப் பக்கமாக மாவு போடுங்கள். ரிட்டர்ன் கிரீஸில் நூலுக்கு வெளிப்பக்கமாக. நூலின் மேலேயே கொட்டினால் கோட்டின் நடுவில் அளவு விழுந்துவிடும்.

ரன் அவுட் சண்டை பாதி இதனால்தான். பேட் கோட்டின் மேல் இருந்தால் உள்ளே வந்ததாக அர்த்தமில்லை, கோட்டைத் தாண்டிப் பின்னால் தரையைத் தொட்டிருக்க வேண்டும். நோபாலுக்கும் அதே விளிம்புதான். வீச்சாளரின் முன்காலில் ஏதாவது ஒரு பகுதி, அந்தரத்தில் இருந்தாலும் சரி, பின் விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். ரிட்டர்ன் கிரீஸில் பின்கால் கோட்டைத் தொடவே கூடாது.

டேப் கிடைக்கலை. காலடி வைத்து அளந்தால் போதாதா?

'22 எட்டு' என்று நடப்பதுதான் வழக்கம். சாதாரண நடையில் ஒரு எட்டு இரண்டரை அடி என்றால் 55 அடியில் நின்றுவிடுவீர்கள், 11 அடி குறையும். அது பெரிய ஓட்டை.

அதைவிட நம்பகமானது செருப்பை வைத்து அளப்பது. 66 அடி என்பது 792 அங்குலம். பள்ளிக்கூட அளவுகோலால் செருப்பின் நீளத்தை அளந்து, 792-ஐ அதால் வகுத்துக்கொள்ளுங்கள். 11 அங்குலச் செருப்பு என்றால் சரியாக 72 தடவை. குதிகாலை முன் செருப்பின் நுனியில் ஒட்டி வைத்து, கட்டிய நூலின் மேலேயே நடக்க வேண்டும். அவசரப்படாமல் செய்தால் ஒரு அடிக்குள் பிழை நிற்கும்.

மேஸ்திரியிடம் இருக்கும் 5 மீட்டர் இரும்பு டேப் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு தடவை முழு டேப், அப்புறம் 12 சென்டிமீட்டர். ஒவ்வொரு தடவையும் முடியும் இடத்தில் ஆணி குத்திவிட்டு அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். விரலால் குறித்தால் தப்பும்.

ஸ்டம்பை வைத்து அளக்கிறவர்களும் உண்டு. தரைக்கு மேல் ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம், அதனால் 28 தடவை வைத்து மேலே 8 அங்குலம் சேர்த்தால் 792 ஆகிவிடும். மண்ணுக்குள் இறங்கும் கூர்முனையை விட்டுவிட்டு அளக்க வேண்டும்.

சுண்ணாம்பா, கோலமாவா?

கல் கோலமாவு. கைக்கும் கண்ணுக்கும் தீங்கு குறைவு, வெளுப்பாகத் தெரியும். அரிசி மாவு போட்டால் மறுநாள் எறும்புதான் இருக்கும். சுண்ணாம்பு என்றால் எச்சரிக்கை: நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும், நீற்றியதும்கூடக் கண்ணில் பட்டால் எரித்துவிடும். பந்துக்காக டைவ் அடித்து முகம் பதிக்கும் இடத்தில் அதைக் கொட்ட வேண்டாம்.

நூலை ஒட்டி ஒரு நேரான பலகையை வைத்து, அதன் ஓரமாக மாவைத் தூவினால் விளிம்பு கத்தரித்தது போல் வரும்.

தரை சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்மாய்த் தரையில் வெடிப்புதான் முதல் எதிரி. வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாகப் பிளக்கும். பிளவின் விளிம்பில் பந்து பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதே கண்மாய் மண்ணைச் சலித்து வெடிப்புகளில் நிரப்பி, தண்ணீர் தெளித்து, அடித்து இறுக்குங்கள். வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்பினால் ஒட்டாது, காய்ந்ததும் தனியே பிரிந்துவிடும்.

உருளை ஓட்டுவதற்குப் பதம் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் சேறு ஒட்டக் கூடாது. அதற்கு முன்னால் ஓட்டினால் மண் உருளையோடு உரிந்து வரும். காயவிட்டு ஓட்டினால் மேலே மட்டும் நசுங்கித் தூளாகும்.

முடிந்த பிறகு ஒரு சோதனை. தோள் உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டு, பிட்ச் நெடுகிலும் இரண்டிரண்டு அடிக்கு ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்டம்பை நிறுத்தி, பந்து எவ்வளவு எழும்புகிறது என்று கவனிக்கட்டும். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று செத்தால் அடியில் மண் இறுகவில்லை. குறிப்பாக ஸ்டம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டர் வரை உள்ள பகுதியில் இப்படி ஒரு இடம் இருக்கவே கூடாது. நல்ல லென்த் பந்து குத்துவது அங்கேதான். தாழ்ந்தும் எழும்பியும் வரும் பந்து முகத்தைக் குறிவைக்கும்.

பத்து வயசுப் பசங்களுக்கும் இதே நீளமா?

வேண்டாம். அவர்களால் 66 அடிக்குப் பந்தை எட்டவைக்க முடியாது. வளைத்துத் தூக்கிப் போட்டு, தோளையும் ஆக்‌ஷனையும் கெடுத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் சிறுவர் கிரிக்கெட்டில் 11 வயதுக்கு உட்பட்டோருக்கு 16 மீட்டர், 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 18 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நம் பயிற்சிக்கும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குத் தனிப் பிட்ச் போட வேண்டாம். பேட்ஸ்மேன் முனையை அப்படியே வைத்துக்கொண்டு, நடு நூலில் 16, 18 மீட்டர்களில் வீச்சாளர் முனையை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் போதும். ஆனால் அவர்கள் காலால் உழும் இடம் பெரியவர்களின் பிட்ச்சுக்கு நடுவில் வந்துவிடும். கால்தடம் விழுந்தால் அன்றைக்கே மண் போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு வாரமும் மாவு அழிஞ்சு போகுது. ஒவ்வொரு தடவையும் இப்படி அளந்துட்டே இருக்கணுமா?

ஒருமுறை அளந்ததைத் தரைக்குள் பதித்து வைத்தால் தேவையில்லை. பிட்ச்சுக்குள் ஆணி விட்டுவைக்கக் கூடாது, கால் கிழியும், பந்தும் எகிறும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு முனையிலும் பவுலிங் கிரீஸ் நூலை இரு பக்கமும் நீட்டி, நடு ஸ்டம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக, மொத்தம் நான்கு செங்கல்களைத் தரைக்குள் புதையுங்கள். மேல் முகத்தில் உளியால் ஒரு கோடு வெட்டி, நூல் போகும் இடம் அதுதான் என்று காட்டுங்கள். கல்லின் மேல் பகுதி தரைக்குச் சற்றுக் கீழே இருந்து, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் மூடியிருக்கட்டும். ஃபீல்டர் தடுக்கி விழக் கூடாது.

அடுத்த வாரம் மண்ணை ஒதுக்கி, எதிரெதிர்ச் செங்கல்களுக்கு நூல் கட்டினால் பவுலிங் கிரீஸ் தயார். அதன் சரிபாதி நடு ஸ்டம்ப். அங்கிருந்து 1.32, 1.22 என்று இரண்டே அளவுகளில் மீதி முடிந்துவிடும். மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பி வற்றிய பிறகு மட்டும் பழைய கல்லை அப்படியே நம்ப வேண்டாம். வண்டல் மேலே ஏறியிருக்கும், கரை ஓரத்தில் ஜே.சி.பி. வேலை நடந்திருந்தால் கல்லே நகர்ந்திருக்கும். நூல் கட்டியதும் நீளத்தையும் குறுக்களவையும் ஒருமுறை டேப்பில் பார்த்துவிட்டு மாவைத் தூவுங்கள்.